ஐந்து வெள்ளிக்கு எத்தனை லிட்டர்? தமிழ் நாளிதழ் ஆசிரியர் குழுவுக்கு ஒரு திறந்த மடல்

ஆசிரியர் குழுவினருக்கு,

2025 செப்டம்பர் 30-ஆம் தேதி உங்கள் நாளிதழின் முதல் பக்கத்தில் பெரிய எழுத்தில் இருந்தது: "பெட்ரோல் 2.60 வெள்ளி!" மூன்றாம் பக்கத்தைத் திருப்பினால் இன்னொரு தலைப்பு: "மலேசியர் அனைவருக்கும் 1.99 வெள்ளி." பேப்பரின் பெயரை நான் எழுதப்போவதில்லை. படிக்கும்போது உங்களுக்கே தெரிந்துவிடும்.

அன்று மாலையே தொலைபேசியில் அழைத்துத் திருத்தம் கேட்டேன். பேசியவர் மரியாதையாகத்தான் பேசினார். "நாங்க போட்டதுல எது தப்புன்னு சொல்லுங்கக்கா. ரெண்டு விலையும் உண்மைதானே?" என்றார். விலை விளக்கத்துக்குத் தனியாக ஒரு பெட்டி போடும் பழக்கம் இல்லை, அதற்கு இடமும் இல்லை, வாசகர்கள் கணக்கைப் படிக்க மாட்டார்கள் என்றும் சொன்னார். அந்த முடிவைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை.

நான் சுங்கை சிப்புட்டில் போட்டோஸ்டாட் கடை வைத்திருக்கிறேன். அதற்கு முன் கோலாலம்பூரில் ஒரு தமிழ் நாளிதழில் ஒன்பது ஆண்டுகள் பிழை திருத்தினேன். அதனால் உங்கள் பக்கமும் தெரியும், இந்தப் பக்கமும் தெரியும். என் கடைக்கு வருகிறவர்களில் பாதிப் பேர் சுற்றியுள்ள தோட்டங்களிலிருந்து பாரம் நிரப்ப வருகிறார்கள். மீதிப் பேர் பேப்பரை நீட்டி "இது என்னம்மா சொல்றாங்க" என்று கேட்க வருகிறார்கள். அந்த வாரம் முழுக்க இரண்டாவது வகைதான் அதிகம்.

இரண்டு விலையும் உண்மைதான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ஒன்றை முதல் பக்கத்திலும் மற்றதை மூன்றாம் பக்கத்திலும் போட்டுவிட்டு, எந்த விலை யாருக்கு என்பதை இரண்டிலும் சொல்லாமல் விட்டீர்கள்.

முதலில் வந்தவர் ஒரு பெரியவர். வயது எழுபதைத் தாண்டியவர். இங்கேயே ஒரு தோட்டத்து லயத்தில் பிறந்து, பால்மரம் சீவி, பிறகு செம்பனையில் வேலை பார்த்து ஓய்ந்தவர். இப்போது ஒருவருடைய சிறு தோட்டத்தில் புல் வெட்டப் போகிறார். பழைய கப்சாய் மோட்டார் சைக்கிள் ஒன்று வைத்திருக்கிறார். லைசென்ஸ் இருக்கிறது. ஐ.சி. மட்டும் சிவப்பு. பிறப்புப் பத்திரம் சரியில்லாததால் அவருக்குக் குடியுரிமை கிடைக்கவே இல்லை. நான்கு முறை மனு போட்டார். கடைசி இரண்டை நிரப்பிக் கொடுத்ததே நான்தான்.

உங்கள் மூன்றாம் பக்கத்தை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு எண்ணெய் நிலையத்துக்குப் போயிருக்கிறார். கவுண்டரில் அட்டையை நீட்டியதும் அந்தப் பெண் இது ஆகாது என்று சொல்லியிருக்கிறாள். பின்னால் வரிசை. பேப்பரை எடுத்துக் காட்டியிருக்கிறார். அவளுக்குத் தமிழ் தெரியாது. அங்கிருந்து நேராக என் கடைக்கு வந்தார். "எல்லாருக்கும்னு போட்டிருக்காங்களேம்மா. நான் மலேசியன் இல்லையா?"

இதற்கு என்ன பதில் சொல்வது? புடி95 குடிமக்களுக்கான ரோன்95 பெட்ரோல் மானியத் திட்டம். 2025 செப்டம்பரில் அது தொடங்கியபோது, 16 வயது நிரம்பி, நீல ஐ.சி.யான மைகார்டும் செல்லுபடியாகும் ஓட்டுநர் உரிமமும் உள்ள குடிமகனுக்கு மாதம் 300 லிட்டர் வரை 1.99 வெள்ளி. நிரந்தர வசிப்பிடத் தகுதி உள்ள சிவப்பு ஐ.சி.க்காரருக்கும் தற்காலிகப் பச்சை ஐ.சி.க்காரருக்கும் அது கிடையாது. அன்று அவர்கள் போட்டது 2.60. "மலேசியர்" என்று உங்கள் மொழிபெயர்ப்பாளர் எழுதியது சட்டப்படி சரியான சொல்தான். பிறந்ததிலிருந்து இந்த மண்ணை விட்டு வெளியே போகாத ஒருவர் அந்தச் சொல்லைப் படிக்கும்போது தன்னையும் சேர்த்துத்தான் படிப்பார். தமிழ் வாசகர்களில் இப்படிச் சிவப்பு அட்டையோடு முதுமை அடைந்தவர்கள் எத்தனை பேர் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. குடியுரிமை முகாம் செய்திகளை ஆண்டுதோறும் நீங்கள்தானே போடுகிறீர்கள்.

மலாய், ஆங்கிலப் பேப்பர்களுக்கு இது ஓரத்துச் செய்தியாக இருக்கலாம். நமக்கு அது முதல் வரியில் இருந்திருக்க வேண்டும்.

அடுத்தவர் மீன் விற்கும் அண்ணன். பெட்ரோல் வேனில் விடியற்காலையில் மீன் ஏற்றி, தோட்டம் தோட்டமாகப் போய் விற்பவர். அந்த வாரம் கெம்போங் மீனுக்குக் கிலோவுக்கு ஒரு வெள்ளி ஏற்றிவிட்டார். ஏன் என்று கேட்டேன். "எண்ணெய் 2.60 ஆயிருச்சே தங்கச்சி, பேப்பர் பார்க்கலையா?" என்றார். சரி, நேற்று எண்ணெய் அடித்த ரசீது இருக்கிறதா என்று கேட்டேன். பையிலிருந்து எடுத்துக் கொடுத்தார். அதில் லிட்டர் 1.99 என்று இருந்தது. அட்டையைக் கொடுத்து அடித்திருக்கிறார், விலையைப் பார்க்கவில்லை. நாளுக்கு இருபது வெள்ளி என்று அடித்துப் பழகியவர் லிட்டரைப் பார்க்க மாட்டார். நம் ஆட்களில் பெரும்பாலோர் அப்படித்தான்.

அவர் கணக்கை என் கடையில் வைத்தே போட்டேன். நாளுக்கு 20 வெள்ளி, மாதம் 26 நாள், ஆக 520 வெள்ளி. பழைய விலை 2.05-இல் அது ஏறத்தாழ 254 லிட்டர். 300 லிட்டருக்குள்தான் இருக்கிறது. அதே 254 லிட்டர் புதிய விலை 1.99-இல் 505 வெள்ளிக்கு வந்துவிடும். மாதம் 15 வெள்ளி மிச்சம், அதாவது நாளுக்கு ஏறத்தாழ 60 சென். எண்ணெய்ச் செலவு குறைந்த மாதத்தில் அவர் மீன் விலையை ஏற்றியிருக்கிறார். நாளுக்கு முப்பது கிலோ விற்றாலே முப்பது வெள்ளி. அவர் ஏமாற்றுகிறவர் இல்லை. உங்கள் முதல் பக்கத்தை நம்பினார். நான் கணக்கைக் காட்டியதும் சங்கடப்பட்டார். மறுநாள் ஐம்பது சென் குறைத்தார். (மீதி ஐம்பது சென் ஐஸ் விலையாம். விட்டுவிட்டேன்.)

எல்லோருக்கும் லாபம் என்றும் எழுதிவிட முடியாது. அன்றைய விதிப்படி மாதம் 300 லிட்டரைத் தாண்டுகிறவர் தாண்டிய பகுதிக்கு 2.60 கொடுக்க வேண்டியிருந்தது. ஈப்போ வரை பார்சல் ஏற்றிப் போகும் தம்பி ஒருவர் மாதம் 400 லிட்டர் போடுகிறார். முன்பு அவருக்கு 820 வெள்ளி. புதிய விலையில் முதல் 300-க்கு 597, அடுத்த 100-க்கு 260, மொத்தம் 857. மாதம் 37 வெள்ளி கூடுதல். ஆனால் 300-ஐத் தாண்டிய மறுநிமிடமே நட்டம் தொடங்கிவிடாது என்பதையும் யாரும் எழுதவில்லை. முதல் 300 லிட்டரில் லிட்டருக்கு 6 சென் வீதம் 18 வெள்ளி மிச்சமாகிறது. தாண்டிய ஒவ்வொரு லிட்டருக்கும் 55 சென் கூடுகிறது. 18 வெள்ளியை 55 சென்னால் வகுத்தால் ஏறத்தாழ 32.7. ஆக, 332 லிட்டர் வரை போடுகிறவருக்குச் செலவு பழையதைவிட அதிகமாகாது. அதற்கு மேல் போனால்தான் கையைக் கடிக்கும். இப்படி ஓர் எண்ணைக் கண்டுபிடித்துச் சொல்வதுதான் விளக்கச் செய்தியின் வேலை. அமைச்சின் அறிக்கையில் அது இருக்காது.

இனி உங்கள் வரைபடத்துக்கு வருகிறேன். முதல் பக்கத்தில் இரண்டு தூண்கள் வரைந்திருந்தீர்கள், ஒன்று 2.05, மற்றது 2.60. அடிக்கோலை வைத்து அளந்தேன். முதல் தூண் ஒன்றரை சென்டிமீட்டர், இரண்டாவது ஏழு சென்டிமீட்டர். பார்க்கிறவருக்கு விலை ஐந்து மடங்கு ஆனதுபோல இருக்கிறது. உண்மையில் கால் பங்குக்குக் கொஞ்சம் மேல்தான் வித்தியாசம், 27 விழுக்காடு. எப்படி இப்படி ஆனது? இடப்பக்கக் கோடு சுழியத்திலிருந்து தொடங்கவில்லை, 1.90-இலிருந்து தொடங்குகிறது. 1.90-க்கு மேலே உள்ள 15 சென்னும் 70 சென்னும் மட்டுமே தூண்களாக நிற்கின்றன. வேண்டுமென்றே செய்தீர்கள் என்று சொல்லவில்லை. கணினியில் இரண்டு எண்ணைக் கொடுத்துத் தூண்படம் கேட்டால் சில நேரம் அது தானாகவே அடியை வெட்டிக் கொடுத்துவிடும். ஆனால் அச்சுக்குப் போகும் முன் யாராவது ஒருவர் அடிக்கோலை வைத்துப் பார்த்திருக்க வேண்டும். தூண் படத்தில் கண் உயரத்தைத்தான் ஒப்பிடுகிறது, ஓரத்தில் பொடி எழுத்தில் இருக்கும் 1.90-ஐ யாரும் படிப்பதில்லை.

அதைவிடப் பெரிய குறை, பெரும்பாலான வாசகர்கள் கொடுக்கப்போகும் 1.99 அந்தப் படத்தில் இல்லவே இல்லை.

நான் முன்வைக்கும் படம் எளிது. விலையைப் படமாகப் போடாதீர்கள். ஐந்து வெள்ளியைப் போடுங்கள். எங்கள் ஊரில் கப்சாய்க்காரர் "ரெண்டரை லிட்டர் ஊத்து" என்று சொல்லி நான் கேட்டதில்லை. "அஞ்சு வெள்ளிக்கு அடி" என்றுதான் சொல்வார். அந்த ஐந்து வெள்ளிக்கு முன்பு 2.44 லிட்டர் வந்தது. செப்டம்பர் 30 விலையில் நீல ஐ.சி.க்காரருக்கு 2.51 லிட்டர் வந்தது. சிவப்பு, பச்சை ஐ.சி.க்காரருக்கு 1.92 லிட்டர். மூன்று எண்கள், படுக்கையாக மூன்று பட்டைகள். அவ்வளவுதான்.

பட்டையைப் படுக்கையாகப் போடச் சொல்வதற்குக் காரணம், தமிழில் பெயர் நீளமாக வரும். நட்டு வைத்த தூணுக்குக் கீழே "சிவப்பு அல்லது பச்சை ஐ.சி." என்று எழுத இடம் இருக்காது, எழுத்தைச் சாய்த்தால் யாரும் படிக்க மாட்டார்கள். படுக்கைப் பட்டையாக இருந்தால் பெயரை அதன் மேலேயே எழுதிவிடலாம். ஒரு லிட்டருக்கு நான்கு சென்டிமீட்டர் என்று வைத்துக்கொண்டால், பழையது 9.8, நீலம் 10, சிவப்பு 7.7 சென்டிமீட்டர். இரண்டு பத்தி அகலத்தில் அடங்கிவிடும். மூன்றும் ஒரே இடப்பக்கக் கோட்டிலிருந்து, சுழியத்திலிருந்து, தொடங்க வேண்டும். அப்படிப் போட்டால் முதல் இரண்டுக்கும் வித்தியாசம் தெரியவே தெரியாது. தெரியாமல் இருப்பதுதான் சரி, ஏனென்றால் அந்த வித்தியாசம் அவ்வளவுதான். மூன்றாவது குட்டையாக நிற்பது எடுத்த எடுப்பிலேயே தெரியும். அரை லிட்டர் குறைகிறது. அந்தப் பெரியவரின் கப்சாய் லிட்டருக்கு நாற்பது கிலோமீட்டர் ஓடும் என்று வைத்தால், ஐந்து வெள்ளிக்கு இருபது கிலோமீட்டர் குறைவு. அவருக்கு இரண்டு நாள் வேலைக்குப் போய்வரும் தூரம் அது.

பட்டைக்குப் பதிலாகப் பெட்ரோல் போத்தல் படம் போட்டால் அழகாக இருக்குமே என்று உங்கள் பக்க வடிவமைப்பாளர் சொல்லக்கூடும். போடலாம், ஆனால் மூன்று போத்தலும் ஒரே அளவில் இருக்க வேண்டும், உள்ளே எண்ணெய் மட்டம் மட்டும் மாற வேண்டும். போத்தலையே பெரிதும் சிறிதுமாக வரைந்தால் உயரத்தோடு அகலமும் சுருங்கும், வித்தியாசம் இருப்பதைவிடப் பெரிதாகத் தெரியும். நீலத்தையும் சிவப்பையும் வண்ணத்தால் மட்டும் காட்டவும் வேண்டாம். உங்கள் உள்பக்கங்கள் கறுப்பு வெள்ளை.

இன்னொன்று, தேதி. அதைப் படத்துக்கு உள்ளேயே எழுதுங்கள். உங்கள் படத்தை ஒருவர் கைப்பேசியில் பிடித்து வாட்ஸ்அப்பில் அனுப்பும்போது செய்தியை வெட்டிவிட்டுப் படத்தை மட்டும்தான் அனுப்புகிறார். மூன்று மாதம் கழித்து அது திரும்பி வரும். எந்த வாரத்து விலை என்று தெரியாமல் மறுபடியும் என் கடையில் வந்து நிற்பார்கள்.

இது ஒரு நாள் தவறாக இருந்தால் இவ்வளவு எழுதியிருக்க மாட்டேன். புதன்கிழமைதோறும் அறிவிப்பு வருகிறது, வியாழனிலிருந்து அடுத்த புதன் வரைக்குமான விலை. இதில் 1.99-உம் 2.60-உம் ஒரே மாதிரி எண்கள் இல்லை என்பது உங்கள் செய்திகளில் வருவதே இல்லை. 1.99 அரசாங்கம் முடிவு செய்து நிறுத்தி வைத்திருக்கும் விலை. அரசாங்கம் மறுபடி முடிவு செய்யும் வரை அது அசையாது. அன்றைய 2.60 சந்தையை ஒட்டிய விலை. சுத்திகரித்த பெட்ரோலுக்குச் சிங்கப்பூர்ச் சந்தையில் என்ன விலை, டாலருக்கு எத்தனை ரிங்கிட், இவற்றைப் பொறுத்து அது வாரா வாரம் ஏறும், இறங்கும். எண்ணெய் நிலையக்காரரின் பங்கு லிட்டருக்கு இத்தனை சென் என்று நிர்ணயித்தது. விலை ஏறியதால் அவருக்கு லிட்டருக்குக் கூடுதலாக ஒன்றும் கிடைப்பதில்லை. இதைச் சொல்வதற்குக் காரணம், அந்த வாரம் எங்கள் ஊர் நிலையத்தில் கவுண்டர் பெண்ணிடம் ஒருவர் சண்டை போட்டார்.

இரண்டுக்கும் உள்ள இடைவெளிதான் மானியம். தொடங்கிய நாளில் அது லிட்டருக்கு 61 சென். அந்த 2.60 ஏதோ ஒரு வாரம் 2.63 ஆனால், நீல ஐ.சி.க்காரர் அதே 1.99 கொடுப்பார், அரசாங்கம் 61-க்குப் பதில் 64 சென் கட்டும். கூடுதல் மூன்று சென்னைக் கையிலிருந்து கொடுக்கிறவர் சிவப்பு ஐ.சி. பெரியவரும், வெளிநாட்டுத் தொழிலாளியும், 300 லிட்டரைத் தாண்டியவரும்தான். லைசென்ஸ் எடுக்காமலே இருபது வருடமாகத் தோட்டத்துக்குள் வண்டி ஓட்டுகிறவர்களையும் சேர்த்துக்கொள்ளுங்கள், அவர்கள் யாரென்று நான் சொல்லப்போவதில்லை. அந்த வாரம் "பெட்ரோல் விலை மீண்டும் உயர்வு" என்று தலைப்புப் போட்டால், உங்கள் வாசகர்களில் பெரும்பாலோருக்கு அது பொய். மீன் அண்ணன் மறுபடியும் கிலோவுக்கு ஒரு வெள்ளி ஏற்றுவார்.

டீசலில் இதையே ஒருமுறை பார்த்தோம். 2024 ஜூன் 10-ஆம் தேதி தீபகற்பத்தில் டீசல் 2.15-இலிருந்து 3.35 ஆனது. சபா, சரவாக், லாபுவானில் ஏறவில்லை. தகுதியுள்ள சரக்கு வண்டிகளுக்கு மானிய அட்டையில் அதே 2.15 தொடர்ந்தது. அன்றும் தலைப்பில் 3.35 மட்டும்தான் இருந்தது. மறுவாரம் எங்கள் கடைத்தெருவில் அரிசியிலிருந்து வாழைப்பழம் வரைக்கும் "லாரி எண்ணெய் ஏறிடுச்சு" என்ற ஒரே காரணம். எந்த லாரிக்கு ஏறியது, எதற்கு ஏறவில்லை என்று கேட்க எங்கள் கையில் ஒரு வரிகூட இல்லை.

உங்கள் சிரமம் தெரியும். அறிக்கை மாலையில் மலாயில் வரும், பக்கம் முடிக்க நேரம் இருக்காது, வரிசை மாறாமல் மொழிபெயர்த்துப் போடுவதுதான் வேகமான வழி. நானே அப்படி எத்தனையோ புரூஃப் பார்த்துக் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். அப்படித்தான் "இலக்கிடப்பட்ட உதவித்தொகை மறுசீரமைப்பு", "மானியமில்லா ரோன்95" என்ற சொற்கள் பக்கத்தில் வந்து உட்காருகின்றன. மானியமில்லா ரோன்95 என்று படிக்கிறவருக்கு அது ஏதோ வேறு பெட்ரோல், வேறு குழாயில் வருவது என்றுதான் தோன்றும். என்னிடமே இரண்டு பேர் கேட்டார்கள். ஒரே குழாய், ஒரே எண்ணெய், கொடுக்கும் அட்டை மட்டும்தான் வேறு. "நீல ஐ.சி. விலை", "மற்றவர் விலை" என்று எழுதினால் இந்தக் குழப்பமே வராது.

குறை மட்டும் சொல்லிவிட்டுப் போகக்கூடாது என்பதால், அன்று நான் பிழை திருத்தாமல் எழுதுகிறவளாக இருந்திருந்தால் எப்படி எழுதியிருப்பேன் என்று கீழே தருகிறேன். பத்து நிமிட வேலை.

"செப்டம்பர் 30 முதல் ரோன்95 பெட்ரோலுக்கு இரண்டு விலை. நீல ஐ.சி.யும் ஓட்டுநர் உரிமமும் இருந்தால் லிட்டர் 1.99 வெள்ளி, பழைய விலையைவிட 6 சென் குறைவு. இது மாதம் 300 லிட்டர் வரைக்கும். சிவப்பு, பச்சை ஐ.சி. உள்ளவர்களுக்கும் வெளிநாட்டவருக்கும் 2.60 வெள்ளி, 55 சென் கூடுதல். உதவிநிதி எஸ்.டி.ஆர். பெறுவோர் செப்டம்பர் 28-ஆம் தேதியிலிருந்தே 1.99-இல் போடலாம்.

"மோட்டார் சைக்கிளுக்கு மாதம் 20 லிட்டர் போடும் நீல ஐ.சி.க்காரருக்கு 1 வெள்ளி 20 சென் குறையும். அதே 20 லிட்டர் போடும் சிவப்பு ஐ.சி.க்காரருக்கு 11 வெள்ளி கூடும். மாதம் 332 லிட்டருக்கு மேல் போடும் நீல ஐ.சி.க்காரருக்கும் செலவு கூடும்.

"தகுதி ஆளுக்குத்தான், வண்டிக்கு இல்லை. எண்ணெய் அடிக்கும்போது மைகார்டைக் கொண்டுபோக வேண்டும். 1.99 அரசு நிர்ணயித்த விலை, வாரந்தோறும் மாறாது. 2.60 சந்தை விலை, புதன்கிழமை அறிவிப்பில் மாறலாம்."

இதில் யாருக்கு, எவ்வளவு, எப்போதிலிருந்து என்பது முதல் பத்தியிலேயே வந்துவிடுகிறது. விழுக்காடு எங்கேயும் இல்லை என்பதையும் கவனியுங்கள். 27 விழுக்காடு உயர்வு என்பது கணக்குப்படி சரி, ஆனால் பெரியவருக்கு அதில் ஒன்றும் புரியாது. மாதம் 11 வெள்ளி என்றால் உடனே புரியும். "ஆளுக்குத்தான், வண்டிக்கு இல்லை" என்ற வரிக்கும் காரணம் இருக்கிறது. பெரியவரின் கப்சாய் அவர் பெயரில் இருப்பதால்தான் 1.99 கிடைக்கவில்லை என்று நினைத்து, வண்டியைப் பேத்தி பெயருக்கு மாற்ற என்னிடம் பாரம் கேட்டார். அது வீண் செலவு. நீல ஐ.சி.யும் லைசென்சும் உள்ள பேத்தி அதே வண்டியை ஓட்டிக்கொண்டுபோய் எண்ணெய் அடித்தால் அவளுக்கு 1.99. அவர் ஓட்டிப்போனால் வண்டி யார் பெயரில் இருந்தாலும் 2.60.

இனி என் கோரிக்கைகள்.

செப்டம்பர் 30-ஆம் தேதி வரைபடம் அடி வெட்டப்பட்டது என்று ஒரு திருத்தம் போடுங்கள். நான்கு வரி போதும், ஆனால் முதல் பக்கத்தில் வந்ததற்குத் திருத்தமும் முதல் பக்கத்தில் வர வேண்டும். "மலேசியர் அனைவருக்கும்" என்றது குடிமக்களை மட்டும் குறிக்கும் என்பதை அதே திருத்தத்தில் சேருங்கள்.

வியாழக்கிழமைதோறும் ஒரே இடத்தில், ஒரே வடிவத்தில் ஒரு சிறு பெட்டி கொடுங்கள். அதன் முதல் வரி நீல ஐ.சி. விலையாக இருக்கட்டும். மாறாத வாரத்தில் "மாற்றம் இல்லை" என்று எழுதுங்கள். மாற்றம் இல்லை என்பதும் மீன் வாங்குகிறவருக்குச் செய்திதான். மற்றவர் விலை இரண்டாம் வரி. கீழே ஐந்து வெள்ளிப் பட்டைகள் மூன்று, தேதியோடு.

சிவப்பு, பச்சை ஐ.சி.க்காரர்கள் என்ன விலை கொடுக்கிறார்கள் என்பதை ஒவ்வொரு முறையும் பெயர் சொல்லி எழுதுங்கள். அவர்களுக்கும் சலுகை வேண்டுமா வேண்டாமா என்பதைத் தலையங்கத்தில் நீங்கள் தீர்மானித்துக்கொள்ளுங்கள். செய்தியில் அவர்களை விட்டுவிடாதீர்கள்.

இந்த மடலோடு மீன் அண்ணனின் ரசீதின் நகலும், பெரியவரின் 2.60 ரசீதின் நகலும் அனுப்பியிருக்கிறேன். இருவரும் சம்மதம் தந்திருக்கிறார்கள், பெயர் போட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார்கள். அடிக்கோலால் வரைந்த பட்டைப் படமும் இருக்கிறது. எண்களை மட்டும் வாரா வாரம் மாற்றிக்கொள்ளலாம், ஐந்தை விலையால் வகுத்து நான்கால் பெருக்கினால் பட்டையின் நீளம் சென்டிமீட்டரில் வந்துவிடும்.

அடுத்த புதன்கிழமை அறிவிப்புக்கு முன் பதில் வேண்டும். கடை எண் உங்கள் அலுவலகத்தில் இருக்கிறது, இரவு ஒன்பது வரைக்கும் திறந்திருப்பேன்.

இப்படிக்கு,
போட்டோஸ்டாட் கடைக்காரி,
சுங்கை சிப்புட், பேராக்